சம்பள நாளுக்கு முன்பே முடிந்துவிடும் இலவசச் சோதனை: நீட்டிப்பு எப்படிக் கேட்பது?

"தலவாக்கலையில் மாமாவின் பலசரக்குக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். கடன் கொப்பிக்குப் பதிலாக ஒரு கணக்கு மென்பொருளை 14 நாள் இலவசச் சோதனையாகப் பயன்படுத்தி வருகிறோம். ஓகஸ்ட் 17 தொடங்கியது, 31 முடிகிறது. தோட்டச் சம்பளமோ 10ஆம் திகதிதான். வசூலைப் பார்க்காமல் மாமா பணம் கட்டச் சம்மதிக்க மாட்டார். கம்பனியிடம் இன்னும் சில நாள் கேட்கலாமா? என்ன எழுதுவது?"

தாராளமாகக் கேளுங்கள். ஆனால் "இன்னும் சில நாள்" என்று கேட்காதீர்கள். "செப்டெம்பர் 19 வரை வேண்டும், முடிவை 18ஆம் திகதி சொல்கிறோம்" என்று கேளுங்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் என் பதில் முழுவதும்.

நான் கண்டியில் பல வருடங்கள் மென்பொருள் விற்பனைப் பக்கத்தில் இருந்தவன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் நீட்டிப்பு என்பது மிகச் சிறிய வேலை. விற்பனையாளர் உங்கள் கணக்கின் பக்கத்தைத் திறந்து, முடிவுத் திகதியை மாற்றிச் சேமிப்பார். கம்பனிக்குச் செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. அப்படியிருந்தும் ஏன் தயங்குகிறார்கள் என்றால், இரண்டு வாரம் கேட்டு, பிறகு இன்னும் இரண்டு வாரம் கேட்டு, கடைசியில் தொலைபேசியை எடுக்காமலே போய்விடும் வாடிக்கையாளர்களை நிறையப் பார்த்திருக்கிறார்கள். விற்பனையாளரிடம் ஒரு பட்டியல் இருக்கும்: இந்த மாதம் யார் வாங்குவார், அடுத்த மாதம் யார் வாங்குவார் என்று. அதைத்தான் அவருடைய முகாமையாளர் வாராவாரம் கேட்பார். திகதி இல்லாத பெயர் அந்தப் பட்டியலில் கிடப்பது அவருக்குத் தலைவலி. நீங்கள் நாட்களைக் கேட்கிறீர்கள். பதிலுக்குக் கொடுக்கக்கூடியது ஒரு திகதி. வாங்குவோம் என்று வாக்குக் கொடுக்க வேண்டியதில்லை. எடுப்பதா விடுவதா என்று எந்த நாளில் சொல்வோம் என்பதே போதும். "வேண்டாம்" என்று குறித்த நாளில் சொல்பவரை, "பார்ப்போம்" என்று மூன்று மாதம் இழுப்பவரைவிட விற்பனையாளர்கள் விரும்புவார்கள். கேட்க விசித்திரமாக இருக்கலாம், ஆனால் அதுதான் உண்மை.

உங்களிடம் இருக்கும் காரணம் நல்ல காரணம். வேலை அதிகம், நேரம் கிடைக்கவில்லை, மழை, மின்வெட்டு என்பவையெல்லாம் உண்மையாகவே இருந்தாலும் பயன் தராது. நேரம் கிடைக்காதவருக்கு இன்னும் இரண்டு வாரம் கொடுத்தாலும் நேரம் கிடைக்காது என்றுதான் எதிர்ப்பக்கம் நினைக்கும். உங்கள் கதை வேறு. கடையின் கணக்கு ஒரு மாதச் சுற்றில் ஓடுகிறது. மாதம் முழுவதும் கடன் ஏறுகிறது, சம்பள நாளில் இறங்குகிறது. 14 நாள் சோதனை அந்தச் சுற்றின் ஏறும் பாதியை மட்டும் பிடித்திருக்கிறது. இறங்கும் பாதி எந்த நாளில் வரும் என்று நாட்காட்டியிலேயே இருக்கிறது. இதைவிடத் தெளிவான காரணம் விற்பனையாளருக்குக் கிடைக்காது; தன் முகாமையாளரிடம் அப்படியே திருப்பிச் சொல்லலாம்.

இன்னொரு காரணமும் இதற்குச் சமமாக நிற்கும்: அவர்கள் பக்கத்தில் போன நாட்கள். ரசீதில் தமிழ் எழுத்து வராமல் கட்டம் கட்டமாக அச்சாகிறது என்று நீங்கள் உதவிப் பிரிவுக்கு எழுதியிருந்து, அவர்கள் பதில் சொல்ல நான்கைந்து நாள் எடுத்திருந்தால், முறைப்பாட்டின் இலக்கத்தையும் எழுதிய நாளையும் பதில் வந்த நாளையும் குறிப்பிடுங்கள். கோபப்பட வேண்டாம், திகதிகள் போதும். பில் அடிக்கும் சிறிய பிரிண்டர்களில் இந்தப் பிரச்சினை வழக்கமானது. பலவற்றில் தமிழ் எழுத்துருவே இருக்காது, மென்பொருள் ரசீதைப் படமாக மாற்றி அனுப்பினால்தான் சரியாக வரும். இன்னும் பார்க்கவில்லை என்றால் இன்றே ஒரு ரசீது அடித்துப் பாருங்கள்.

எழுதும் முன் ஒரு வேலை இருக்கிறது. "சம்பள நாள்வரை ஏன் காத்திருக்க வேண்டும், ஒரு மாதிரிப் பதிவு போட்டுப் பார்க்கலாமே?" என்று விற்பனையாளர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆகவே அதை முதலில் நீங்களே செய்துவிடுங்கள். ஒரு பொய் வாடிக்கையாளரை உருவாக்குங்கள். ஓகஸ்ட் கடன் 12,400 ரூபாய் என்று போடுங்கள். அவர் 8,000 கட்டுகிறார், அதே கையோடு 1,650 ரூபாய்க்குப் புதிதாகக் கடனுக்குச் சாமான் வாங்குகிறார். உங்கள் கடையில் சம்பள நாளன்று நடப்பது இதுதானே? மொத்த நிலுவை 6,050 என்று வரவேண்டும். அது எந்த மென்பொருளிலும் வந்துவிடும். பார்க்க வேண்டியது அதன் உள்ளே. பழைய கடனில் 4,400, புதிய கடனில் 1,650 என்று பிரிந்து நிற்கிறதா? அல்லது பழைய கடன் 12,400 அப்படியே நிற்க, கட்டிய 8,000 எந்தப் பில்லிலும் கழியாமல் தனியாகத் தொங்குகிறதா? இரண்டாவது விதத்திலும் மொத்தம் சரியாகவே காட்டும். ஆனால் "யார் பழைய கடன் வைத்திருக்கிறார்கள்" என்ற அறிக்கையை எடுத்தால், நேற்றுக் கட்டிப்போனவர் பெயரும் முழுத் தொகையோடு வந்து நிற்கும். அதை நம்பி மாமா ஒருவரை வாசலில் நிறுத்திக் கேட்டுவிட்டால், அந்த வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். பணம் வாங்கும்போது எந்தப் பில்லுக்கு என்று நீங்களே தெரிவு செய்ய வேண்டிய மென்பொருள்களும் உண்டு, பழைய பில்லிலிருந்து தானாகக் கழித்துவரும் மென்பொருள்களும் உண்டு.

இந்த மாதிரிப் பதிவே தேறவில்லை, அமைப்பிலும் மாற்ற வழியில்லை என்றால் நீட்டிப்புக் கேட்க வேண்டாம். 31ஆம் திகதியோடு விடைபெறுங்கள். தேறினால், மாதிரிப் பதிவால் காட்ட முடியாதது எது என்று உங்களுக்கே விளங்கும்: ஒரே மாலையில் கவுண்டரில் வரிசை நிற்க, இருவர் ஒரே நேரத்தில் பதியும்போது இது தாங்குமா, கொப்பியைவிட வேகமாக ஓடுமா என்பது. அதற்கு உண்மையான 10ஆம் திகதி வேண்டும். கடிதத்தில் எழுத வேண்டிய காரணம் இதுதான்.

இனித் திகதி. அதைப் பின்னாலிருந்து எண்ணி வாருங்கள். செப்டெம்பர் 10 சம்பளம். டவுனுக்கு ஆட்கள் இறங்குவது அன்று மாலை தொடங்கி ஞாயிறு 13 வரை. 14, 15 இரண்டு நாளும் கொப்பியையும் மென்பொருளையும் பெயர் பெயராக ஒப்பிடுங்கள். 16ஆம் திகதி மாமாவுக்குக் காட்டுங்கள். சம்பளம் ஒரு நாள் தள்ளிப்போனால் சமாளிக்க 17ஐ வெறுமையாக விடுங்கள். 18 வெள்ளி, முடிவு சொல்லும் நாள். நீட்டிப்பை மட்டும் 19 வரை கேளுங்கள். முடிவு சொல்லும் நாளிலேயே கணக்குப் பூட்டிக்கொண்டால், எடுப்பதானால் இடைவெளி விழும், விடுவதானால் தரவை இறக்க நேரம் இருக்காது. "செப்டெம்பர் நடுப்பகுதி", "மாத இறுதிக்குள்" என்றெல்லாம் எழுதினால் திகதி கொடுத்ததாகவே கணக்கில் வராது. நாளும் கிழமையும் நேரமும் இருக்கட்டும். நீங்கள் போடும் நாள் போயா விடுமுறையில் விழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குச் சாதகமான இன்னொன்று, நாட்காட்டிக் காலாண்டு வைத்துக் கணக்குப் பார்க்கும் கம்பனிகளுக்குச் செப்டெம்பர் 30 காலாண்டு முடிவு. 18ஆம் திகதி வரும் முடிவு அவர்களுடைய காலாண்டுக்குள் விழுகிறது. இதைக் கடிதத்தில் எழுதத் தேவையில்லை, படிப்பவர் தானே கவனித்துவிடுவார்.

கடிதம் திங்கள் 24ஆம் திகதி போகட்டும். வெள்ளி மாலை அனுப்பினால் அதைத் திறப்பது திங்கள், அதாவது 31ஆம் திகதி. அந்த 31கூட முழுநாளாக உங்கள் கையில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். சில மென்பொருள்கள் தொடங்கிய நேரத்திலிருந்து 14 நாளை மணிக்கணக்காக எண்ணும். 17ஆம் திகதி காலை 11 மணிக்குப் பதிந்திருந்தால் 31 காலை 11 மணிக்குப் பூட்டிக்கொள்ளும். சில உலகப் பொது நேரப்படி நள்ளிரவில் முடியும், அது நமக்குக் காலை 5.30. ஆகவே 30ஆம் திகதியையே கடைசி நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு அனுப்புவது என்றால், சோதனை தொடங்கியபோது பெயரோடு உங்களுக்கு எழுதிய விற்பனையாளர் இருந்தால் அவருக்கு. உள்ளூர் முகவர் மூலம் வந்திருந்தால் அவருக்கு எழுதி, கம்பனிக்கும் நகல் வையுங்கள். முகவர் சரி என்று சொல்லியும் திகதியை மாற்றும் அதிகாரம் கம்பனியிடம் மட்டும் இருப்பதுண்டு. பொது உதவி முகவரி கடைசி வழி. அங்கே இருப்பவர்கள் பிழை திருத்துபவர்கள், உங்கள் கடிதத்தை இன்னொருவருக்குத் தள்ளிவிடவே ஒரு நாள் போகும். கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம். எண்ணிக்கையில் உங்கள் உண்மையான எண்ணைப் போடுங்கள்.

பொருள்: இலவசச் சோதனையை செப்டெம்பர் 19 வரை நீட்டித்துத் தரக் கோருதல் (எங்கள் முடிவு: செப்டெம்பர் 18)

அன்புடையீர்,

தலவாக்கலையில் பலசரக்குக் கடை நடத்தும் நாங்கள் ஓகஸ்ட் 17 முதல் உங்கள் மென்பொருளைச் சோதித்து வருகிறோம். எங்கள் சோதனைக் காலம் ஓகஸ்ட் 31 அன்று முடிவடைகிறது.

இதுவரை 40 கடன் வாடிக்கையாளர்களின் பெயரையும் நிலுவையையும் பதிந்து, அன்றாடக் கடன் விற்பனையை இதிலேயே எழுதி வருகிறோம். பகுதித் தொகை கழியும் விதத்தை ஒரு மாதிரிப் பதிவில் பார்த்தோம், சரியாக இருந்தது.

பார்க்க முடியாமல் இருப்பது உண்மையான வசூல் நாள். எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர்கள். ஓகஸ்ட் மாதச் சம்பளம் செப்டெம்பர் 10ஆம் திகதி கிடைக்கும். எங்கள் கடனும் 10 முதல் 13 வரையில்தான் வந்து சேரும். நெரிசலான நேரத்தில் இருவர் ஒன்றாகப் பதிவதும், வசூலுக்குப் பின் எங்கள் கொப்பியும் மென்பொருளும் ஒத்துப்போவதும் அந்த நாட்களில்தான் தெரியவரும்.

எனவே சோதனைக் காலத்தை செப்டெம்பர் 19 வரை நீட்டித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். கணக்கு ஒத்துப்போனால் கடை உரிமையாளர் இரண்டு பயனர்களுக்கான மாதக் கட்டணத் திட்டத்தை எடுக்க எண்ணியுள்ளார். எடுப்பதா இல்லையா என்பதை செப்டெம்பர் 18 வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு முன் இதே மின்னஞ்சலில் அறிவிப்போம். அதன் பின் மேலும் நீட்டிப்புக் கேட்க மாட்டோம்.

ஓகஸ்ட் 28க்கு முன் உங்கள் பதில் கிடைத்தால் மாத முடிவுப் பதிவுகளைத் தடையின்றித் தொடரலாம்.

இப்படிக்கு,
(பெயர், கடையின் பெயர், தொலைபேசி, சோதனைக் கணக்கு பதிந்த மின்னஞ்சல்)

பொருள் வரியிலேயே இரண்டு திகதிகளும் இருப்பது வேண்டுமென்றே. பலர் அதை மட்டும் படித்தே தீர்மானித்துவிடுவார்கள். 40 பேரைப் பதிந்தோம் என்ற வரி, நீங்கள் உண்மையிலேயே பயன்படுத்துகிறீர்கள் என்பதற்குச் சாட்சி. அவர்கள் தங்கள் பக்கத்தில் பார்த்தால் அந்தப் பதிவுகள் தெரியும், ஆகவே கூட்டிச் சொல்ல வேண்டாம். திட்டத்தின் பெயரும் பயனர் எண்ணிக்கையும் மாமாவிடம் கேட்ட பிறகே போகட்டும். அவர் மனதில் இல்லாத வாக்கை அவர் பெயரில் எழுதினால் 18ஆம் திகதி சங்கடப்படப் போவது நீங்கள். மேலும் நீட்டிப்புக் கேட்க மாட்டோம் என்ற வரியை எழுதப் பலருக்குக் கை வராது. எழுதுங்கள். முழுக் கடிதத்திலும் விற்பனையாளருக்கு மிகவும் பிடித்த வரி அதுவாகத்தான் இருக்கும்.

வரக்கூடிய பதில்களில் "சரி" என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. பதியும்போது வங்கி அட்டை இலக்கம் கொடுத்திருந்தால், சோதனைத் திகதி தள்ளிப்போவதும் பணம் எடுக்கும் திகதி தள்ளிப்போவதும் வெவ்வேறாக இருக்கலாம். கட்டணப் பக்கத்தில் Next billing date என்ற இடத்தில் புதிய திகதி வந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பழைய திகதியே இருந்தால் உடனே எழுதிக் கேளுங்கள். எடுத்த பணத்தைத் திரும்ப வாங்குவதைவிட எடுக்காமல் தடுப்பது எவ்வளவோ எளிது.

"ஒரு வாரம் தரலாம்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லி ஏற்றுக்கொள்ளாதீர்கள். செப்டெம்பர் 7 வரை நீட்டித்து உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை, 10ஆம் திகதி அதற்கு வெளியே கிடக்கிறது. பதிலாக, 31ஆம் திகதி கணக்கை நிறுத்திவைத்து 9ஆம் திகதி மீண்டும் திறந்துவிட முடியுமா என்று கேளுங்கள். அப்போது 19 நாள் கேட்பதற்குப் பதிலாகப் பத்து நாள்தான் கேட்டவராகிறீர்கள். இடையில் வரும் செப்டெம்பர்க் கடன் கொப்பியில் மட்டும் இருக்கும். ஓகஸ்ட் வசூலைச் சோதிக்க அது தடையில்லை. ஆனால் நிறுத்தியிருக்கும் காலத்தில் தரவு அழியாது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

"இந்த வாரமே ஒரு வருடத்துக்கு எடுத்தால் கழிவு தருகிறோம்" என்பதும் வழக்கமான பதில். கழிவைக் கண்டு அவசரப்பட வேண்டாம், அதே விலையை 18 வரை வைத்திருக்க முடியுமா என்று ஒரு வரியில் கேளுங்கள். பெரும்பாலும் முடியும். "நீட்டிப்பு எங்கள் வழக்கம் இல்லை" என்று திட்டவட்டமாகச் சொன்னால், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தக்கூடிய மாதத் திட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மாதக் கட்டணம் மாமாவுக்குக் கட்டுப்படியானால் செப்டெம்பருக்கு மட்டும் கட்டிவிடுவதே கௌரவமான வழி. வேறு மின்னஞ்சலில் புதிய சோதனை தொடங்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். பல கம்பனிகளின் நிபந்தனைகள் அதை அனுமதிப்பதில்லை. அதைவிட, நீங்கள் பதிந்த 40 பேரும் அவர்களுடைய ஓகஸ்ட் கடனும் புதிய கணக்குக்குத் தானாக வராது. எதற்காக நீட்டிப்புக் கேட்கிறீர்களோ அதையே இழந்துவிடுவீர்கள்.

புதன்கிழமைவரை பதில் இல்லையென்றால் தொலைபேசியில் அழையுங்கள். அது எப்படிப் போனாலும் 30ஆம் திகதிக்குள் தரவை இறக்கி வையுங்கள். வாடிக்கையாளர் பட்டியல், நிலுவை, பில் விவரம் மூன்றும் போதும். பெரும்பாலும் CSV கோப்பாக வரும். அதை இருமுறை தட்டி எக்செலில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் à®• போன்ற குறிகளாகத் தெரியக்கூடும். கோப்புக் கெடவில்லை, திறந்த விதம்தான் தவறு. எக்செலில் Data, பிறகு From Text/CSV என்று போய், File Origin என்ற இடத்தில் 65001: Unicode (UTF-8) என்பதைத் தெரிவு செய்தால் பெயர்கள் தமிழில் வந்துவிடும். சில மென்பொருள்கள் சோதனைக் கணக்கில் தரவை இறக்க விடாது. அப்படியிருந்தால் அதையும் மாமாவிடம் சொல்லுங்கள், முடிவெடுக்க அதுவும் ஒரு காரணம்தான்.

18ஆம் திகதி வெள்ளிக்கிழமை, மாலை 5 மணிக்கு முன், முடிவு எதுவானாலும் எழுதுங்கள். வேண்டாம் என்றால் இரண்டு வரி போதும்: எது ஒத்துவரவில்லை என்று ஒன்று, சோதனைக் கணக்கை மூடிவிடுங்கள் என்று இன்னொன்று. சம்பளமே தள்ளிப்போய் வசூல் நடக்காமல் போனால், அது தெரிந்த அன்றே, 10ஆம் அல்லது 11ஆம் திகதியே எழுதிவிடுங்கள். புதிய சம்பள நாளையும், அதோடு எட்டு நாள் கூட்டிய புதிய முடிவு நாளையும் சேர்த்து. மேலும் கேட்க மாட்டோம் என்று எழுதியிருந்தாலும், திகதி கடக்கும் முன் காரணத்தோடு சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள். 19ஆம் திகதி காலை எழுதினால், நீங்களும் அந்தப் பட்டியலில் இருக்கும் மற்றவர்களைப் போல ஆகிவிடுவீர்கள்.